பாலே ஷூ, டைட்ஸ், செயற்கைக் கால்: ஏன் இத்தனை காலம் ஒரே வெளிர் நிறம்?

தேன்மொழி_குரோய்டன்

மகளுக்கு 12 வயது. பாலே வகுப்பில் இந்த வருஷம் நுனிக்காலில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ போடலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். கடைக்குப் போனால் அடுக்கு முழுக்க ஒரே வெளிர் ரோஸ். டைட்ஸும் அதே ரோஸ். என் பிள்ளை நல்ல கருப்பு. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி மாதிரி இருக்கிறது. அவளே சிரித்துவிட்டாள்.

பிரவுன் நிறத்திலும் இப்போது வருகிறது, ஆனால் கடையில் இருப்பு இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியை இரண்டில் எது போட்டாலும் சரி என்கிறார். என் கேள்வி இரண்டு. இத்தனை வருஷம் ஏன் இந்த ஒரே நிறம்? வரவழைக்கக் காத்திருப்பதா, ரோஸை வாங்கி நாமே நிறம் ஏற்றுவதா? செயற்கைக் கை, கால்களிலும் இதே கதைதான் என்று எங்கோ படித்தேன். தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

சேகர்_எம்

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, எல்லாம் சரக்குக் கணக்கு. நான் காலணி மொத்த வியாபாரத்தில் இருந்தவன். பாயின்ட் ஷூவில் அரை அளவுகளையும் சேர்த்து 12 அளவு என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 4 அகலம். உள்ளே இருக்கும் தண்டு கெட்டி, மிருது என்று 2 வகை. 12 × 4 × 2 = 96 பெட்டி. இது ஒரு மாடலுக்கு மட்டும். இரண்டு பிரவுன் சேர்த்தால் 288. அந்தக் கூடுதல் 192 பெட்டியில் பாதி வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். எந்தக் கடைக்காரன் வாங்கி வைப்பான்? வாங்க ஆள் வந்ததும் கம்பெனி நிறத்தைக் கொண்டுவந்துவிட்டது. இதில் நிறபேதம் எல்லாம் இல்லை.

அரங்கப்பெட்டி

சேகர் சார், கணக்கு சரி. ஆனால் வாங்க ஆள் வந்ததும் நிறம் வந்தது என்பது நடந்ததற்கு நேர் எதிர். ஆள் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் ஷூ வந்தது. நான் நாடக, நடனக் குழுக்களின் உடை அறையில் வேலை பார்த்தவள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ரோஸ் ஏன் என்று பார்ப்போம். பாலேயில் ஒரு காலைப் பின்னால் உயர்த்தி நிற்கும்போது, பார்ப்பவரின் கண் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஒரே கோடாக ஓட வேண்டும். ஷூ ஒரு நிறம், கால் வேறு நிறம் என்றால் அந்தக் கோடு கணுக்காலில் வெட்டுப்படும், கால் குட்டையாகத் தெரியும். அதனால் ஷூவும் டைட்ஸும் ஒரே நிறம், அதுவும் ஆடுபவரின் தோலை ஒட்டிய நிறம் என்று வைத்தார்கள். ஐரோப்பாவில் ஆடியவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்பதால் அது வெளிர் ரோஸாக அமைந்தது. ஆக, காரணம் என்னவோ "தோலோடு ஒட்ட வேண்டும்" என்பதுதான். காலப்போக்கில் காரணம் மறந்துபோய், "பாலே என்றால் ரோஸ்" என்ற விதி மட்டும் மிஞ்சியது.

1969-இல் ஆர்தர் மிட்செலும் காரெல் ஷூக்கும் நியூயார்க்கில் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமைத் தொடங்கினார்கள். கருப்பினக் கலைஞர்களின் குழு. அவர்களும் ஆரம்பத்தில் ரோஸ் டைட்ஸ்தான் போட்டார்கள். லான்ச்சி ஸ்டீவன்சன் என்ற நடனக்காரர்தான் பிரவுன் டைட்ஸ் போட ஆரம்பித்து, மிட்செலையும் சம்மதிக்க வைத்தவர். 1974 முதல் குழு முழுவதும் அவரவர் தோல் நிறத்தில் டைட்ஸும் ஷூவும் என்று ஆனது. சும்மா "பிரவுன்" என்று ஒரே சாயம் இல்லை, ஆளுக்கு ஒரு நிறம். உடைப் பொறுப்பில் இருந்த ஜெல்டா வின் வால்டெஸ் ஒவ்வொருவரின் நிறத்துக்கும் ஏற்றபடி டைட்ஸுக்குச் சாயம் தோய்த்தார். அவர் அதற்கு முன்பே நியூயார்க்கில் பாடகிகளுக்கும் நடிகைகளுக்கும் கவுன் தைத்துப் பேர் வாங்கியவர்.

இப்போது தேதியைப் பாருங்கள். அமெரிக்காவின் கெய்னர் மிண்டன் கம்பெனி, ஷூவின் மேல்துணியான சாட்டினில் பிரவுன் நிறங்களைக் கொண்டுவந்தது 2017-இல். லண்டனின் ஃப்ரீட் கம்பெனி, கஸ்ஸா பாஞ்சோ நடத்தும் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ப்ரான்ஸ், பிரவுன் என்று இரண்டு நிறம் வெளியிட்டது 2018-இல். 1974-இலிருந்து 2017 வரை என்ன ஆயிற்று? ஆடியவர்கள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே பூசினார்கள்.

மிருதங்கம்78

அம்மா, எதற்கு இந்த வம்பு? பரதநாட்டியத்தில் ஷூவும் இல்லை, டைட்ஸும் இல்லை. வெறுங்கால், சலங்கை, ஆல்த்தா. கருப்போ சிவப்போ எல்லாருக்கும் ஒரே அழகு. நம்ம கலையை விட்டுவிட்டு அவன் கலைக்குப் போய் நிறம் சரியில்லை என்றால் எப்படி?

தேன்மொழி_குரோய்டன்

ஐயா, ஞாயிற்றுக்கிழமை பரதமும் படிக்கிறாள். அங்கே ஃபவுண்டேஷன் பூசும்போது இரண்டு ஷேடு சிவப்பாக்கிவிடுகிறார்கள், அந்தச் சண்டை தனி.

அரங்கப்பெட்டி அக்கா, "தாங்களே பூசினார்கள்" என்றீர்களே, எதைப் பூசுவது?

அரங்கப்பெட்டி

மேக்கப் ஃபவுண்டேஷனைத்தான். இதற்குப் பான்கேக் செய்வது என்று பெயர். முறை என்னவோ பழையது. சாட்டின் மேடை விளக்கில் பளபளக்கும் என்பதால் வெள்ளைக்காரப் பெண்களும் ரோஸ் ஷூமேல் கலமைன் லோஷனைத் தடவிப் பளபளப்பைக் குறைப்பார்கள். அதையே கருப்பினப் பெண்கள் நிறம் மாற்றப் பயன்படுத்தினார்கள். வித்தியாசம் என்னவென்றால், முன்னவர்களுக்கு அது விருப்பம், இவர்களுக்குக் கட்டாயம்.

செய்யும் விதம்: தன் முகத்துக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் தன் காலுக்கு, ஒத்துப்போகும் ஃபவுண்டேஷனை எடுத்து, முக்கோண ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் சாட்டினின் இழைவாக்கில் கோடு கோடாக நிற்கும். ஒரு மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொன்று. தைக்கிற ரிப்பனுக்கும் எலாஸ்டிக்குக்கும் பூச வேண்டும், விட்டுவிட்டால் கணுக்காலில் ரோஸ் வளையம் தெரியும். அதோடு முடிந்தது என்றால் பரவாயில்லை. தொழில்முறையில் ஆடுபவருக்கு ஒரு ஜோடி ஒரே நிகழ்ச்சியில்கூடத் தேய்ந்துபோகும். அடுத்த ஜோடி, அடுத்த பூச்சு. இங்ரிட் சில்வா என்ற பிரேசில் நாட்டவர், ஹார்லெம் குழுவில் ஆடியவர், 11 வருஷம் இப்படிப் பூசியிருக்கிறார். 2019-இல்தான் தன் நிறத்திலேயே ஷூ வந்து சேர்ந்தது. அவர் பூசி ஆடிய ஜோடி ஒன்று இப்போது வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வழக்கமான பாயின்ட் ஷூவின் முன்பக்கக் கூடு கோணித்துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கி, அடுப்பில் காயவைத்துக் கெட்டியாக்கியது. தண்ணீர் பட்டால் அந்தப் பசை இளகும். அதனால் நீர்த்த ஃபவுண்டேஷனையோ துணிச் சாயத்தையோ தாராளமாக ஊற்றினால், நிறம் வரும், கூடு போய்விடும். விரல்நுனியால் கூட்டின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பூசுவதற்கு முன் இருந்ததைவிட அமுங்கினால் அந்த ஜோடியை வகுப்பில் நுனிக்காலுக்குப் பயன்படுத்த வேண்டாம். கெய்னர் மிண்டன் மாதிரி உள்ளே பிளாஸ்டிக் வகைப் பொருள் வைத்தவற்றில் இந்தப் பிரச்சினை குறைவு.

சேகர்_எம்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆள் இருந்தார்கள். ஆனால் எத்தனை பேர்? சாட்டினைச் சாயத் தொட்டியில் போட்டால் குறைந்தபட்சம் இத்தனை மீட்டர் என்று மில்காரன் சொல்வான். ஐம்பது பேருக்காக அதைச் செய்ய முடியாது.

அரங்கப்பெட்டி

கணக்கு தொடங்கும் இடத்தைப் பாருங்கள் சார். பிரவுன் ஷூவே இல்லாததால் பிரவுன் ஷூ விற்பதில்லை என்கிறீர்கள். கருப்பினப் பிள்ளைக்கு எட்டு வயதில் ரோஸ் டைட்ஸைக் கொடுத்து, "இது உனக்காகச் செய்ததில்லை" என்று சொல்லாமல் சொல்லிவிட்டு, பதினெட்டு வயதில் வாங்க ஆளில்லை என்றால்? 2020-இல் அமெரிக்காவில் ஷூ கம்பெனிகளை நோக்கி ஒரு மனு ஓடியது, லட்சக்கணக்கில் கையெழுத்து. அதன் பிறகு கபேசியோ, ப்ளொக் மாதிரி பெரிய கம்பெனிகளும் நிறங்களை விரிவாக்குகிறோம் என்றன. மில்காரனின் மீட்டர் கணக்கு அந்த ஒரு மாதத்தில் மாறிவிடவில்லையே.

யாழ்_நிரோ

இந்த இழையில் நுழையலாமோ தெரியேல்லை. எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, மிதிவெடி. முதலில் வெளிநாட்டு உதவியாக வந்த ஒரு பாதம் போட்டார்கள். நல்ல பாதம்தான், நடை நன்றாக வந்தது. ஆனால் நிறம் வெளிறிய பிஸ்கட் நிறம். நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிரச்சினை கோவிலில்தான். நல்லூருக்கு வேட்டியோடு, மேலுடம்பு திறந்து, வெறுங்காலோடு போக வேணும். என்ட இடது கால் நல்ல கறுப்பு, வலது கால் வெள்ளைக்காரன்ட. தேர்த் திருவிழாவில் சின்னப் பிள்ளைகள் குனிந்து பார்ப்பினம். அம்மா பிறகு காலுறை போடச் சொன்னா. கோவிலுக்குக் காலுறையோடு போறது எனக்குப் பிடிக்கேல்லை.

பிறகு ரப்பர் பாதம், மண்ணிற வகை கிடைத்தது. முழுசாக என்ட நிறம் இல்லை, ஆனால் தூரத்தில் பார்த்தால் போதும். இது ஏன் முதலிலேயே இல்லை என்பதுதான் என்ட கேள்வியும்.

கால்பட்டறை_வேலூர்

தம்பி, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். செயற்கைக் கால் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன்.

மேல்நாட்டில் பாதம் செய்தவன் மனதில் ஷூ இருந்தது. அவன் ஊரில் காலையில் போட்டால் இரவு வரை ஷூதான். ஆகவே பாதத்தின் நிறம் வெறும் சம்பிரதாயம், அவன் தோல் நிறத்தில் ஒன்று வைத்துவிட்டான். சொல்லப்போனால் கையில் அப்படி விடவில்லை. கை எப்போதும் வெளியே தெரியும் என்பதால் பிளாஸ்டிக் கையுறைகளுக்கு நிற அட்டை பழைய காலத்திலேயே இருந்தது, கருமை உட்பட. ஆனால் இருண்ட பக்கத்தில் படிகள் குறைவு. வெளிர் பக்கத்தில் நுணுக்கமாகப் பிரித்தவன், இந்தப் பக்கம் வந்ததும் ஒரே தாவலாகத் தாவிவிடுவான். நம் மாநிறம் எல்லாம் அந்தத் தாவலுக்குள் விழுந்துவிடும்.

நம் ஊரில் நிலைமை வேறு. வீட்டுக்குள், கோவிலில், வயலில் வெறுங்கால். அதனால்தான் 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்த பாதத்துக்கு விரல் பிரிவு உண்டு, வெளியே மண்ணிற ரப்பர் தோல் உண்டு. உள்ளே நுண்துளை ரப்பரும் மரக்கட்டையும், மேலே நிறமேற்றிய ரப்பரைச் சுற்றி அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைப்பது. ஷூ வேண்டாம், குந்தி உட்காரலாம், சேற்றில் இறங்கலாம். நிறம் அங்கே அலங்காரத்துக்காகச் சேர்த்தது இல்லை. ஷூ இல்லை என்று முடிவு செய்ததுமே நிறத்தையும் முடிவு செய்தாக வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது, தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

யாழ்_நிரோ

தெரியும் ஐயா, அங்கேதான் திருத்தம் செய்யிறனான். ஒரு சந்தேகம். ரப்பர் எல்லாருக்கும் ஒரே மண்ணிறம்தானே? அதுவும் ஒரே நிறம்தான், வெளிர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கால்பட்டறை_வேலூர்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். அதுவும் ஒரு சராசரிதான். வெளிறிய காஷ்மீர்க்காரருக்கு அது கருப்பாகத் தெரியும். ஆளுக்கு ஆள் பொருந்த வேண்டும் என்றால் சிலிக்கானுக்குப் போக வேண்டும், அது வேறு விலை, வேறு வேலை.

சிலிக்கானில் நிறத்தை மேலே பூசுவது மட்டும் போதாது, பூசியது தேய்ந்துவிடும். பொருளோடு நிறமியைக் கலந்து அடுக்கடுக்காக அச்சில் வைக்க வேண்டும். கருப்பு, மாநிறத் தோலில் இது கடினம். காரணம், நம் உள்ளங்கை வெளிர், புறங்கை கருமை, விரல் முட்டிகள் இன்னும் கருமை, நகத்தடி ஒருவித ஊதா கலந்த ரோஸ். ஒரே பிரவுனை ஊற்றினால் பொம்மைக் கை ஆகிவிடும். வெளிர் தோலுக்குக் கற்றுக்கொண்டவர் "கொஞ்சம் கருப்பு சேர்த்தால் போதும்" என்று நினைத்துக் கருப்பு நிறமியைச் சேர்ப்பார், கை சாம்பல் பூத்துவிடும். கருமைக்கு அடியில் சிவப்பும் மஞ்சளும் வேண்டும். நைஜீரியாவில் ஜான் அமனாம் என்ற சிற்பி, தன் சொந்தத் தம்பிக்கு விபத்து நேர்ந்த பிறகு கருப்புத் தோலுக்கென்றே அச்சு அசலாகச் சிலிக்கான் கைகால் செய்யத் தொடங்கினார். அவர் செய்ததைப் பாருங்கள், முட்டியின் சுருக்கத்தில் நிறம் எப்படி இறங்கியிருக்கிறது என்று.

இன்னொன்று. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே ஒத்துப்போகும் கை, வெளியே வெயிலில் பச்சையடிக்கும். நிறமிக் கலவை வேறு, தோல் வேறு என்பதால் விளக்கு மாறினால் இரண்டும் ஒரே மாதிரி மாறாது. அதனால் ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, வீட்டு விளக்கில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அச்சில் வைக்கச் சம்மதிக்க வேண்டும். நோயாளிகளிடம் நான் எப்போதும் சொல்வது, வாங்கும்போது வாசலுக்கு வந்து பாருங்கள் என்பதுதான்.

சேகர்_எம்

இதெல்லாம் ஒரு ஆளுக்கு ஒன்று செய்வது. ஷூவுக்கு அப்படிச் செய்ய முடியாது.

அரங்கப்பெட்டி

ஷூவுக்கு வேண்டாம், டைட்ஸுக்குச் செய்யலாம். தேன்மொழி, இது உங்களுக்கு. நைலான் டைட்ஸாக இருந்தால் வெள்ளையை வாங்குங்கள், ரோஸ் வேண்டாம். ரோஸின் மேல் பிரவுன் ஏற்றினால் செங்கல் நிறம் அடிக்கும். நைலானுக்கான ஆசிட் சாயம், கொஞ்சம் வினிகர், சூடான தண்ணீர். கொதிக்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை சுருண்டு தொளதொளத்துவிடும். பருத்தி கலந்த டைட்ஸானால் இந்தச் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். நிறம் சரியா என்று தொட்டியிலிருந்து எடுத்த துணியைத் தொங்கவிட்டுப் பார்க்கக்கூடாது. துணி இழுபட்டால் வெளிறும். ஒரு துண்டை மகளின் முன்கையில் இழுத்துப் போட்டுப் பாருங்கள், அங்கே பொருந்தினால்தான் காலிலும் பொருந்தும்.

மிருதங்கம்78

சரி, ஒரு சந்தேகம். கூட்டமாக ஆடும்போது? அன்ன ஏரி பாலேயில் இருபத்துநாலு அன்னங்கள் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதானே அந்த நடனத்தின் அழகு? நாலு பேர் கால் மட்டும் பிரவுன் என்றால் கண் அங்கேதானே போகும்?

அரங்கப்பெட்டி

இது நல்ல கேள்வி, இன்னும் சண்டை நடக்கிற கேள்வி. இங்கிலீஷ் நேஷனல் பாலேயில் பிரஷஸ் ஆடம்ஸ் என்ற கருப்பின நடனக்காரர் 2018 வாக்கில் பிரவுன் டைட்ஸ் போட ஆரம்பித்தார், அப்போதைய இயக்குநர் தமாரா ரோஹோவின் சம்மதத்தோடு. ரோஸ் போட்டால் தன் உடம்பின் கோடு வெட்டுப்படுகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம், அதாவது பாலேயின் சொந்தக் காரணத்தையே திருப்பிச் சொன்னார். வரிசையின் ஒருமை போய்விட்டது என்று எதிர்த்தவர்களும் உண்டு. பெர்லினில் குளோயி லோப்பஸ் கோமஸ் என்ற கருப்பின நடனக்காரர், அன்ன ஏரியில் மற்றவர்கள் மாதிரி வெளிறத் தன் தோலில் வெள்ளைப் பூச்சு பூசச் சொன்னார்கள் என்று 2020-இல் வெளியே சொன்னார். டைட்ஸில் ஆரம்பித்த ஒருமை முகத்தில் வந்து முடிகிறது. என்னைக் கேட்டால், கையும் முகமும் கழுத்தும் எப்படியும் தெரிகிறது, காலை மட்டும் மறைத்து என்ன ஒருமை?

மிருதங்கம்78

நான் இன்னும் வரிசை பக்கம்தான். தனியாக ஆடும்போது அவரவர் நிறம், கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வெள்ளை டைட்ஸ் என்று வைக்கலாமே. வெள்ளை யார் தோலும் இல்லை.

யாழ்_நிரோ

ஐயா, வெள்ளை யார் தோலுக்குக் கிட்ட என்று ஒருக்கால் யோசியுங்கோ.

தேன்மொழி_குரோய்டன்

எல்லாருக்கும் நன்றி. இன்று வேறு கடைக்குப் போனோம். ப்ரான்ஸ் நிறத்தில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. நிறம் அவள் பாதத்துக்கு அப்படியே பொருந்தியது, குதித்தாள். ஆனால் அவளுக்கான அளவைவிட அரை அளவு பெரிது. உள்ளே பஞ்சு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைப் பையன். அவளுக்கான அளவு ரோஸில் இருக்கிறது. சொல்லி வரவழைத்தால் சில வாரம் ஆகலாம், வகுப்பு அதற்குள் தொடங்கிவிடும்.

அரங்கப்பெட்டி

பெரியதை வாங்காதீர்கள். முதல் பாயின்ட் ஷூ தொளதொளத்தால் கால் கூட்டுக்குள் வழுக்கி இறங்கி, பெருவிரல் நகத்தில்தான் முழு எடையும் நிற்கும். பஞ்சு அதைத் தாங்காது. நுனிக்காலில் நிற்கச் சொல்லி, குதிகால் பக்கம் சாட்டினைக் கிள்ளிப் பாருங்கள். லேசாக ஒரு மடிப்பு வந்தால் சரி, தாராளமாக மடிந்தால் பெரிது.

ரோஸில் சரியான அளவை வாங்கிப் பான்கேக் செய்யுங்கள், அதே அளவை ப்ரான்ஸில் சொல்லி வையுங்கள். ஆரம்பத்தில் வகுப்பில் கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம்தான் நிற்கப்போகிறாள், இந்த ஜோடி அதுவரை தாங்கும். ஆனால் அளவு பார்த்து, ஆசிரியை சரி என்று சொன்ன பிறகு பூசுங்கள். பூசிய ஷூவை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

சேகர்_எம்

சொல்லி வைக்கும்போது கடைக்காரரிடம் இரண்டு ஜோடியாகச் சொல்லுங்கள். ஒரு அளவில் இரண்டு போனால் மூன்றாவதை அவரே வாங்கி அடுக்கில் வைப்பார். இது வியாபாரி புத்தி, நம்பலாம்.

தேன்மொழி_குரோய்டன்

அடுத்த ஜோடிக்குள் பாதம் வளர்ந்துவிட்டால் சேகர் அண்ணா?

சேகர்_எம்

அது... ஆமாம். ஒன்றே சொல்லுங்கள்.